மூன்று பகடை ஆட்டம் நியாயமானதா? எதிர்பார்ப்பு மதிப்பைக் கணக்கிட்டுச் சரிபார்க்கும் முறை

மூன்று பகடைகளை உருட்டி ஆடும் பழைய பந்தய ஆட்டம் ஒன்று உண்டு. அதைச் 'சக்-அ-லக்' என்பார்கள். எண்களுக்குப் பதிலாகக் கிரீடம், நங்கூரம் முதலிய ஆறு சின்னங்கள் பொறித்த பகடைகளைக் கொண்டு ஆடினால் அதுவே 'கிரௌன் அண்ட் ஆங்கர்' என்ற பெயரைப் பெறுகிறது. விதி மிக எளிது. ஆடுபவர் ஒன்று முதல் ஆறு வரை ஏதேனும் ஓர் எண்ணைத் தேர்ந்து, அதன்மேல் ஒரு வில்லையைப் பந்தயமாக வைக்கிறார். ஆட்டத்தை நடத்துபவர் மூன்று பகடைகளையும் உருட்டுகிறார். தேர்ந்த எண் எந்தப் பகடையிலும் விழாவிட்டால் வில்லை பறிபோகிறது. ஒரு பகடையில் விழுந்தால், வைத்த வில்லை திரும்பக் கிடைப்பதோடு பரிசாக ஒரு வில்லை கிடைக்கிறது. இரண்டில் விழுந்தால் பரிசு இரண்டு வில்லை, மூன்றிலும் விழுந்தால் மூன்று வில்லை.

ஆட்டத்தை நடத்துபவர் சொல்லக்கூடிய நியாயம் இது: "ஒரு பகடையில் உங்கள் எண் விழும் வாய்ப்பு ஆறில் ஒன்று. பகடைகள் மூன்று. ஆகவே ஆறில் மூன்று, அதாவது சரிபாதி. பாதி முறை நீங்கள் வெல்வீர்கள், பாதி முறை நான் வெல்வேன். இதற்கும் மேலாக, எண் இரண்டு மூன்று பகடைகளில் விழுந்தால் கூடுதல் பரிசும் தருகிறேன்." கேட்பவருக்கு ஆட்டம் நியாயமானது என்று மட்டுமல்ல, தமக்கே சாதகமானது என்றுகூடத் தோன்றும். இந்தக் கூற்றை ஒரு தாளும் எழுதுகோலும் கொண்டு எப்படிச் சோதிப்பது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். சோதிக்கும் கருவி எதிர்பார்ப்பு மதிப்பு: ஒவ்வொரு விளைவிலும் கைக்கு வருவதையோ கையைவிட்டுப் போவதையோ அந்த விளைவின் நிகழ்தகவால் பெருக்கி, பெருக்கங்கள் அனைத்தையும் கூட்டினால் கிடைக்கும் எண். அது சுழியாக இருந்தால் ஆட்டம் இரு தரப்புக்கும் சமம். எதிர்ம எண்ணாக இருந்தால் ஆடுபவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் சராசரியாக அந்த அளவை இழக்கிறார்.

முதல் படி: வரவை நிகரமாக எழுதுங்கள்

நிகழ்தகவைத் தொடுவதற்கு முன்பே பலர் தவறும் இடம் இது. ஒரு பகடையில் எண் விழும்போது ஆடுபவரின் கைக்கு இரண்டு வில்லைகள் வருகின்றன. ஆனால் அவற்றுள் ஒன்று அவர் வைத்தது. எனவே நிகர வரவு +1. இப்படியே மற்றவை +2, +3. எண் விழாவிட்டால் −1. வேறொரு வழியும் உண்டு. கைக்கு வருவதை அப்படியே 2, 3, 4, 0 என்று எழுதிக்கொண்டு, கடைசியில் பந்தயமாக வைத்த 1-ஐ ஒரே முறை கழிக்கலாம். இரண்டு வழியும் சரியே. ஆனால் இரண்டையும் கலந்து, வெற்றிக்கு 2, 3, 4 என்றும் தோல்விக்கு −1 என்றும் எழுதினால், நட்டமுள்ள ஆட்டம் பெரிய லாபமுள்ளதாகக் கணக்கில் தோன்றிவிடும். ஆகவே தாளின் தலைப்பிலேயே 'நிகர வரவு' என்று எழுதிவிட்டுத் தொடங்குவதே பாதுகாப்பானது என்பது என் கருத்து.

இரண்டாம் படி: ஒன்றன்மேல் ஒன்று படியாத விளைவுகளாகப் பிரியுங்கள்

இந்த ஆட்டத்தில் அந்தப் பிரிவு இயல்பாகவே அமைந்துவிடுகிறது. தேர்ந்த எண் எந்தப் பகடையிலும் இல்லை, சரியாக ஒன்றில் உண்டு, சரியாக இரண்டில் உண்டு, மூன்றிலும் உண்டு என நான்கே விளைவுகள். 'சரியாக' என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. "முதல் பகடையில் விழுதல்", "இரண்டாம் பகடையில் விழுதல்" என்று பிரித்தால், இரண்டிலும் ஒருசேர விழும் உருட்டல் இரண்டு கணக்கிலும் இடம்பெற்றுவிடும்.

மூன்றாம் படி: எண்ணுங்கள்

பகடைகள் சிவப்பு, நீலம், பச்சை என மூன்று நிறங்களில் இருப்பதாகக் கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஆறு முகங்கள் இருப்பதால், மொத்தம் 6 × 6 × 6 = 216 உருட்டல்கள் உண்டு; பகடைகள் பழுதற்றவை என்றால் அவை அனைத்துக்கும் ஒரே வாய்ப்பு. நிறங்களைக் கற்பனை செய்வது அழகுக்காக அன்று. சிவப்பில் 4, நீலத்தில் 2, பச்சையில் 1 என்பதும், சிவப்பில் 2, நீலத்தில் 4, பச்சையில் 1 என்பதும் வெவ்வேறு உருட்டல்கள் என்பதை நிறம் நமக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கும்.

நாம் தேர்ந்த எண் 4 என்க. ஒரு பகடையில் 4 அல்லாத முகங்கள் ஐந்து. மூன்று பகடைகளிலும் 4 இல்லாத உருட்டல்கள் 5 × 5 × 5 = 125. மூன்றிலும் 4 விழுவது ஒரே ஓர் உருட்டல்.

சரியாக ஒரு பகடையில் 4 விழுவதைக் கணக்கிடும்போதுதான் புதிதாகக் கற்பவர்கள் தடுமாறுகிறார்கள். சிவப்பில் 4 விழுந்து, நீலமும் பச்சையும் வேறு எண்களைக் காட்டுவதற்கு 5 × 5 = 25 வழிகள் உண்டு. பலர் இந்த 25-ஓடு நின்றுவிடுவார்கள். ஆனால் அந்த ஒற்றை 4 நீலத்திலும் விழலாம், பச்சையிலும் விழலாம்; ஆகவே மொத்தம் 3 × 25 = 75. அவ்வாறே, சரியாக இரண்டு பகடைகளில் 4 விழும்போது, வேறு எண்ணைக் காட்டும் ஒற்றைப் பகடை எது என்பதற்கு மூன்று வழிகள், அது காட்டும் எண்ணுக்கு ஐந்து வழிகள், ஆகமொத்தம் 15.

நான்காம் படி: பெருக்கும் முன் கூட்டிப் பாருங்கள்

125 + 75 + 15 + 1 = 216. மொத்த உருட்டல்களின் எண்ணிக்கை சரியாக வந்துவிட்டது. இந்த ஒற்றை வரிச் சோதனையை ஒருபோதும் தவிர்க்காதீர்கள். மேலே சொன்ன தடுமாற்றம் நேர்ந்திருந்தால் 125 + 25 + 5 + 1 = 156 என்று வந்து, 60 உருட்டல்கள் காணாமற்போயிருப்பதைக் காட்டிக்கொடுத்திருக்கும். நிகழ்தகவுகளாக எழுதுபவர்கள் கூட்டுத்தொகை 1 வருகிறதா என்று பார்க்க வேண்டும். தசமங்களில் எழுதினால் தோராயமாக்கலில் சிறு பிழைகள் ஒளிந்துகொள்ளும். ஆகவே கடைசி வரை 216-ஐப் பகுதியாகக் கொண்ட பின்னங்களாகவே வைத்திருப்பது நல்லது.

ஐந்தாம் படி: எடையிட்டுக் கூட்டுங்கள்

| 4 விழுந்த பகடைகள் | உருட்டல்கள் | நிகர வரவு | பெருக்கம் |
|---|---|---|---|
| 0 | 125 | −1 | −125 |
| 1 | 75 | +1 | +75 |
| 2 | 15 | +2 | +30 |
| 3 | 1 | +3 | +3 |
| மொத்தம் | 216 | | −17 |

எதிர்பார்ப்பு மதிப்பு −17/216, ஏறத்தாழ −0.0787. அதாவது பந்தயமாக வைக்கும் ஒவ்வொரு 100 வில்லைக்கும் சராசரியாக 8 வில்லைக்குச் சற்றுக் குறைவாக ஆடுபவர் இழக்கிறார். சமம் என்று சொல்லப்பட்ட ஆட்டம் சமமன்று.

விடையோடு நிற்காமல், கூற்று எங்கே பிழைத்தது என்று தேடுங்கள்

விடை கிடைத்ததும் பலர் தாளை மடித்துவிடுகிறார்கள். எனக்கோ இந்த ஆட்டத்தின் சாரமே இனிமேல்தான் இருக்கிறது. "ஆறில் மூன்று, சரிபாதி" என்ற பேச்சு எந்த இடத்தில் வழுக்கியது?

வெற்றி பெறும் உருட்டல்கள் 75 + 15 + 1 = 91. எனவே வெல்லும் வாய்ப்பு 91/216, ஏறத்தாழ 42 விழுக்காடு, பாதியன்று. ஆறில் ஒன்றை மூன்று முறை கூட்டுவது தவறு என்பதை வேறொரு வகையிலும் உணரலாம். அந்த முறை சரியென்றால், ஆறு பகடைகளை உருட்டும்போது 4 விழுவது உறுதியாகிவிட வேண்டும். ஆனால் ஆறு பகடைகளில் ஒன்றில்கூட 4 விழாமல் போவது மூன்றில் ஒரு முறை நிகழும். ஏழு பகடைகள் என்றால் அந்தக் கணக்கு 7/6 என்று ஒன்றைத் தாண்டியே போய்விடும்.

இருந்தாலும் அந்தப் 'பாதி' முழுப் பொய்யன்று. அதனால்தான் அது இத்தனை எளிதாக நம்மை நம்பவைக்கிறது. ஆறில் ஒன்றை மூன்று முறை கூட்டினால் கிடைக்கும் 1/2, ஓர் உருட்டலில் விழும் 4-களின் சராசரி எண்ணிக்கை. 216 உருட்டல்களையும் வரிசையாக எழுதி, அவற்றில் உள்ள 4-களை எண்ணினால் 75 + 30 + 3 = 108 வரும்; அது சரியாகப் பாதி. ஆட்டத்தில் ஒவ்வொரு 4-க்கும் ஒரு வில்லை பரிசு என்பதால், ஆடுபவர் பெறும் பரிசின் சராசரியும் அரை வில்லையே. ஆனால் அவர் இழப்பது 4 விழாத 125 உருட்டல்களில். அது பாதிக்கு மேல். பெறுவது 108, கொடுப்பது 125, வேறுபாடு 17. 4-கள் ஒரே உருட்டலில் இரண்டாகவும் மூன்றாகவும் சேர்ந்து விழும்போது, வேறு எங்கோ 4 இல்லாத உருட்டல்கள் அதற்கு ஈடாகக் கூடிவிடுகின்றன. "கூடுதல் பரிசு" என்று சொல்லப்பட்டது கூடுதலே அன்று. அது அந்த அரை வில்லைக்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டது.

வேறு பாதையில் வந்து சரிபாருங்கள்

ஒரே கணக்கை இரண்டாம் முறை போடுவது சரிபார்ப்பு ஆகாது. முதல் முறை செய்த பிழையையே கை திரும்பவும் செய்யும். ஆகவே ஆட்டத்தை எதிர்த்திசையிலிருந்து பாருங்கள். ஆறு பேர் அமர்ந்து, ஆளுக்கு ஓர் எண்ணாக ஆறு எண்களின்மேலும் ஒவ்வொரு வில்லை வைத்திருப்பதாகக் கொள்வோம். இப்போது ஆட்டத்தை நடத்துபவரின் கையில் என்ன நடக்கிறது?

மூன்று பகடைகளும் வெவ்வேறு எண்களைக் காட்டினால், மூன்று பேர் தோற்கிறார்கள், மூன்று பேர் வெல்கிறார்கள். வாங்கியது மூன்று, கொடுத்தது மூன்று. அவருக்கு லாபமுமில்லை, நட்டமுமில்லை. இது 6 × 5 × 4 = 120 உருட்டல்களில் நிகழ்கிறது. இரண்டு பகடைகள் ஒரே எண்ணையும் மூன்றாவது வேறு எண்ணையும் காட்டினால், தோற்பவர்கள் நால்வர். இரண்டு பகடைகளில் விழுந்த எண்ணை வைத்தவருக்கு இரண்டு, ஒன்றில் மட்டும் விழுந்த எண்ணை வைத்தவருக்கு ஒன்று எனக் கொடுக்க வேண்டியது மூன்று. அவருக்கு ஒரு வில்லை மிச்சம். இது 90 உருட்டல்களில் நிகழ்கிறது. மூன்றும் ஒரே எண் என்றால், ஐந்து பேரிடம் வாங்கி ஒருவருக்கு மூன்று கொடுக்கிறார், மிச்சம் இரண்டு. அத்தகைய உருட்டல்கள் 6. இங்கும் 120 + 90 + 6 = 216 என்பதைக் கவனியுங்கள்.

அவருடைய மொத்த லாபம் 90 + 12 = 102. ஆறு பேருக்குப் பகிர்ந்தால், ஒருவருக்கு 216 உருட்டல்களில் 17. முற்றிலும் வேறான எண்ணிக்கையிலிருந்து அதே 17 வந்துவிட்டது. அவர் பெருந்தன்மையோடு கூடுதல் பரிசு கொடுப்பதாகச் சொன்ன அதே இரட்டை, மும்மை உருட்டல்களில்தான் அவருடைய லாபம் முழுவதும் கிடைக்கிறது என்பதையும் இந்தப் பாதை காட்டிவிடுகிறது.

பைத்தான் தெரிந்தவர்கள் 216 உருட்டல்களையும் கணினியைக் கொண்டு எண்ணச் செய்யலாம்:

```python
from itertools import product

total = 0
for d in product(range(1, 7), repeat=3):
    k = d.count(4)
    total += k if k > 0 else -1
print(total)
```

திரையில் -17 என்று வரும்.

விதி மாறினால்

அட்டவணை கையில் இருந்தால், விதி மாறும்போது கடைசி இரண்டு நிரல்களை மட்டும் மாற்றினால் போதும். மூன்று பகடைகளிலும் எண் விழுந்தால் மூன்றுக்குப் பதிலாகப் பத்து வில்லை தருவதாக ஒருவர் சொன்னால், பரிசு மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்ததாகத் தோன்றும். ஆனால் அந்தப் பத்து, 216-இல் ஒரே ஓர் உருட்டலுக்கு உரியது. கூட்டுத்தொகை −125 + 75 + 30 + 10 = −10; ஆட்டம் இன்னும் நட்டமே. அந்த ஒற்றை உருட்டலை மட்டும் வைத்து ஆட்டத்தைச் சமமாக்க வேண்டுமானால் 20 வில்லை தர வேண்டும். அதைவிட நேரான திருத்தம் ஒன்று உண்டு: பரிசை 1, 3, 5 என்று வைத்தால் 75 + 45 + 5 = 125; நட்டத்தோடு சரியாக ஈடாகிறது. ஆறு பேர் அமர்ந்த கணக்கில் இதைப் போட்டுப் பாருங்கள். நடத்துபவருக்கு எந்த உருட்டலிலும் ஒரு வில்லைகூட மிஞ்சாது.

உருட்டிப் பார்த்துச் சோதிக்கலாமா?

சோதிக்கலாம், ஆனால் எத்தனை முறை என்பது முக்கியம். ஓர் ஆட்டத்தின் நிகர வரவு சராசரியைச் சுற்றி ஏறி இறங்கும் அளவு, அதாவது திட்ட விலக்கம், ஏறத்தாழ 1.11 வில்லை. நூறு ஆட்டங்களில் எதிர்பார்க்கும் இழப்பு 8 வில்லைக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அதைச் சுற்றியுள்ள இயல்பான ஏற்ற இறக்கமோ 11 வில்லை. ஆகவே நூறு ஆட்டங்கள் ஆடி முடித்தவர் லாபத்தோடு எழுந்திருக்க ஐந்தில் ஒன்றுக்குக் குறையாத வாய்ப்பு உண்டு. அவர் ஆட்டம் சாதகமானது என்று உறுதியாக நம்பிவிடுவார். பத்தாயிரம் ஆட்டங்கள் என்றால் இழப்பு ஏறத்தாழ 787, ஏற்ற இறக்கம் 111 மட்டுமே. இழப்பு ஆட்டங்களின் எண்ணிக்கைக்கு நேராக வளர்கிறது. ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலத்துக்கு நேராக வளர்கிறது. சிறு எண்ணிக்கையில் உருட்டிப் பார்த்த முடிவும் தாளில் போட்ட கணக்கும் முரண்பட்டால், முதலில் நம்ப வேண்டியது கணக்கை.

ஆனால் அந்தக் கணக்கும் ஒரு நிபந்தனையின்மேல் நிற்கிறது: ஒவ்வொரு முகத்துக்கும் வாய்ப்பு ஆறில் ஒன்று, ஒரு பகடை மற்றொன்றைப் பாதிப்பதில்லை. பகடைகள் ஒருபக்கம் சாய்ந்தவை என்று ஐயம் எழுந்தால், தேர்ந்த எண் ஒரு பகடையில் விழும் வாய்ப்பை p என்று வைத்து, மேலே கண்ட "பெறுவது, கொடுப்பது" என்ற வடிவிலேயே எழுதலாம்:

```
E = 3p − (1 − p)³
```

p-க்கு 1/6 என்று இட்டால் பழைய −17/216 திரும்ப வருகிறது. E சுழியாவது p ஏறத்தாழ 0.1823 ஆகும்போது, அது 0.1667-இலிருந்து மிகச் சிறிய விலகல்தான். பகடைகளில் அவ்வளவு சாய்வு இருந்தாலே, அந்த எண்ணைத் தேர்ந்தவருக்கு ஆட்டம் சமமாகிவிடும். அதே சாய்வு எதிர்த்திசையில் இருந்தால் அவருடைய இழப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். இவ்வளவு நுண்ணிய சாய்வைக் கண்ணால் காண இயலாது. ஒரு பகடையைத் தனியே 2,300 முறை உருட்டி 4-களை எண்ண வேண்டும்: பழுதற்ற பகடையில் 383-ஐ ஒட்டியும், அந்த அளவு சாய்ந்த பகடையில் 419-ஐ ஒட்டியும் வரும். இடையிலுள்ள 36, அந்த எண்ணிக்கையின் திட்ட விலக்கமான 18-ஐப் போல இரு மடங்கு. அதைவிடக் குறைவாக உருட்டினால், பழுதற்ற பகடையையும் சாய்ந்த பகடையையும் நம்பிக்கையோடு பிரித்தறிய இயலாது.